ஒன்பது வரி, ஒரே முற்றுப்புள்ளி

என்னிடம் டியூஷன் வரும் பிளஸ் டூ பெண், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனதை ஆங்கிலத்தில் எழுதி வந்தாள். ஒன்பது வரி. முற்றுப்புள்ளி கடைசியில்தான், நடுவெல்லாம் கமா.

அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். "பஸ் ஏறி, கடலூர்ல இறங்கி, சுண்டல் வாங்கி, மணல்ல உக்காந்தோம் மிஸ்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஏறி, இறங்கி, வாங்கி எல்லாம் எச்சம். முற்று ஒன்றே ஒன்று, அதனால் கமா போதும். அவள் ஆங்கிலத்தில் எழுதியதோ "தி பஸ் வாஸ் லேட், வி வாக்ட் டு தி பீச்". இரு பக்கமும் எழுவாய், இரு பக்கமும் முற்று. கமா மட்டும் இதைத் தாங்காது.

ஒவ்வொரு கமாவையும் விரலால் மூடிப் பார்க்கச் சொன்னேன். இரு பக்கமும் தனித்தனி வாக்கியமாக நின்றால் அங்கே கோளாறு.

முதலில் எல்லா இடத்திலும் முற்றுப்புள்ளி வைத்தாள். சரிதான், ஆனால் படிக்கும்போது விக்கல் மாதிரி இருந்தது. பஸ் தாமதம்தானே அவர்கள் நடந்து போனதற்குக் காரணம்? அங்கே கமாவோடு "ஸோ" சேர்த்தோம். இன்னோர் இடத்தில் கமாவுக்குப் பின் "தென்" போட்டிருந்தாள். "தென்", "ஹவெவர்" இரண்டும் "ஆண்ட்", "பட்" போல வாக்கியங்களை இணைக்காது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இதில்தான் நல்ல மாணவர்களும் தவறுகிறார்கள்.

கடைசியில் ஏழு வாக்கியம் வந்தது. ஒன்று மூன்று வரி நீளம். அதில் பிழை இல்லை, அப்படியே விட்டேன்.