கறுப்பிக்கு வந்த கழிச்சல்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பால் சங்கத்தில் மலையாளம். நாலு கறவை, ஆறு ஆடு. அதில் கறுப்பி கலப்பின மாடு, இரண்டாம் ஈத்து முடிந்த நிலையில் சந்தையில் வாங்கியது. வந்த வருஷம் நேரத்துக்கு ஏழு லிட்டர் குறையாமல் கறந்தாள். மூன்றாவது ஈத்தில் கிடாரிக் கன்று போட்டாள். போட்டு ஒன்றரை மாதத்தில் சாணி இளக ஆரம்பித்தது.

முதலில் புதுப் புல்லால் வந்த கழிச்சல் என்று நினைத்தோம். குடற்புழு மருந்து கொடுத்தோம். பத்து நாள் சரியானது, மறுபடியும் இளகியது. தட்டைப்புழுவாக இருக்கலாம் என்று வேறு மருந்து, அப்புறம் ஐந்து நாள் ஊசி. ஊசி போடும்போது கொஞ்சம் கட்டும், விட்டதும் திரும்பும். மூன்று மாதத்தில் சாணி பட்டாணி மாவு கரைத்த தண்ணி போல ஆகிவிட்டது. நின்ற இடத்தில் பீச்சும், வாலும் தொடையும் காயவே காயாது. ஆனால் தீனியில் குறை இல்லை. தவிடு, புண்ணாக்கு, புல் எது வைத்தாலும் தொட்டியை நக்கித் துடைப்பாள். காய்ச்சல் இல்லை, சாணியில் ரத்தம் இல்லை, சளி இல்லை. இவ்வளவு தின்றும் விலா எலும்பை எண்ணலாம் போல் ஆனாள். பாலும் இரண்டு லிட்டருக்கு இறங்கியது.

ஒரு நாள் காலையில் தாடைக்கு அடியில் பை தொங்குவது போல நீர் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் மிருகாஸ்பத்திரி டாக்டரம்மா மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டு, கையுறை போட்டு ஆசனவாய்க்குள் கை விட்டு, குடல் சுவரைச் சுரண்டி கண்ணாடித் துண்டில் தேய்த்தார். "அண்ணா, இது புழு இல்லை. ஜோனீஸ் நோயா இருக்கும்னு சந்தேகம்" என்றார். குடல் சுவர் தடித்துப் போனால் தின்ற தீனியின் சத்து உடம்பில் சேராது. ரத்தத்தில் உள்ள புரதமும் குடல் வழியே ஒழுகிப் போகும். அதனால்தான் தாடையில் நீர் கோர்க்கிறது என்று விளக்கினார்.

சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் குச்சிக் கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி இது. ஒரு தடவை சுரண்டிப் பார்த்துக் கிருமி தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, எங்களுக்கு முதல் தடவையே தெரிந்தது என்றார்.

மருந்து என்ன என்று கேட்டேன். "குணமாக்க மருந்து இல்லைங்க. மாசக்கணக்கில் ஊசி போட்டாலும் கிருமி உடம்பை விட்டுப் போகாது" என்று நேராகச் சொன்னார். அதைக் கேட்டதைவிட அடுத்துச் சொன்னதுதான் எனக்கு இடிபோல விழுந்தது. கறுப்பிக்கு இந்த வருஷம் வந்ததல்ல நோய். எங்கோ ஒரு தொழுவத்தில் கன்றாக இருந்தபோது, பிறந்து ஆறு மாதத்துக்குள், சாணி பட்ட மடியிலோ தண்ணீரிலோ வாய் வைத்து உள்ளே போனது. இரண்டு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை, சில சமயம் அதற்கும் மேலே, சத்தமில்லாமல் இருந்துவிட்டு கன்று போட்ட களைப்பில் வெளியே வரும். வாங்கும்போது விற்றவருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் தொழுவத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். பெரிய மாடுகள் நிற்கும் தளத்தில் இருந்து கழுவும் தண்ணி ஒரு ஓடையில் இறங்குகிறது. ஓடை கன்றுக்குட்டிக் கொட்டிலை ஒட்டிப் போய், தீவனப்புல் நிலத்தில் பாய்கிறது. அந்தப் புல்லின் ஓரத்தில்தான் ஆடுகள் மேயும். பீச்சிய சாணி எங்கெல்லாம் போயிருக்கும் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. நோய் முற்றிய மாட்டின் சாணியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், ஈர மண்ணில் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும்.

மற்ற மாடுகளுக்குத் தொற்று உண்டா என்று பார்க்க ஜோனின் ஊசி போட்டார்கள். கழுத்தில் மயிரை மழித்து, தோல் மடிப்பின் கனத்தை அளந்து, ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து மறுபடி அளக்கணும். வெள்ளச்சிக்கு 7 மில்லிமீட்டர் இருந்தது 13 ஆனது, அவளும் மாட்டிவிட்டாள். மற்ற இரண்டுக்கும் பெரிய வீக்கம் இல்லை. கறுப்பிக்குப் போடவில்லை. முற்றிய மாட்டில் தோல் வீங்காமலே போகலாம் என்றார். கறுப்பியின் கன்றுக்கும் சோதனையில் பயன் இல்லை, இரண்டு வயசுக்கு முன்னால் எதுவும் சரியாகக் காட்டாது.

ஆடுகளின் ரத்தம் ஆய்வகத்துக்குப் போனது. ஒரு வெள்ளாடு கொஞ்ச நாளாக மெலிந்துகொண்டே வந்தது. ஆட்டில் தண்ணிக் கழிச்சல் பெரும்பாலும் கடைசியில்தான், சில ஆட்டில் அதுவும் வராது. எங்கள் ஆட்டுக்குப் புழுக்கை தனித்தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டு விழுந்தது, அவ்வளவுதான். சோதனையில் அதுவும் அதன் பெரிய குட்டியும் மாட்டின. தடுப்பூசி உண்டா என்று கேட்டேன். மதுரா பக்கம் மக்தூமில் உள்ள மத்திய ஆடு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஒன்று உண்டு. ஆனால் அது தொற்றை முழுசாகத் தடுக்காது, கிருமி வெளியேறுவதையும் நோய் முற்றுவதையும் குறைக்கும். போட்ட பிறகு காசநோய்ச் சோதனையும் குழம்பும். மூன்று நாலு ஆடு மட்டும் மிஞ்சும் வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கறுப்பி ஐந்து வாரத்தில் படுத்து எழவில்லை. குழி வெட்டிய இடத்திலேயே டாக்டரம்மா வயிற்றைத் திறந்து காட்டினார். சிறுகுடலின் கடைசிப் பகுதி ரப்பர் குழாய் மாதிரி தடித்திருந்தது. நீளவாக்கில் கிழித்தபோது உள்ளே மூளை மடிப்பு போல வரிவரியாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து விரித்துப் பார்த்தேன், மடிப்பு நிமிரவே இல்லை. நல்ல குடலில் விரித்தால் நிமிர்ந்துவிடும் என்றார். ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

வெள்ளச்சியைக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். அப்போது அவளுக்குக் கழிச்சலே இல்லை, பார்க்க அழகான மாடு. 28,000 ரூபாய் தருகிறேன் என்றார். மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு, "ஏங்க, நமக்கு வந்தது இன்னொருத்தர் கன்னுக்குப் போகணுமா?" என்று கேட்டாள். விற்கவில்லை. சினை ஊசி போடாமல் தனியே கட்டிக் கறந்து, பால் வற்றியதும் கறிக்குத்தான் அனுப்பினோம். அதில் பெரிய நஷ்டம்தான். அந்த இரண்டு ஆடும் அதே வழியில் போயின.

இருக்கும் மாடுகள் ஈனுவதற்குத் தனி அறை ஒதுக்கி, தரையைத் தேய்த்துக் கழுவி புது வைக்கோல் போடுகிறோம். கன்று விழுந்ததும் தாயை நக்க விடாமல் தூக்கி வேறு இடத்துக்குக் கொண்டு போகிறோம். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை, எனக்கும் கஷ்டமாக இருந்தது. சீம்பாலை மடியைக் கழுவித் துடைத்துக் கறந்து வாளியில் கொடுக்கிறோம். அதுவும் சோதனையில் தப்பிய மாட்டின் சீம்பால் மட்டும், ஏனென்றால் பால் வழியாகவும் கிருமி போகும். சீம்பால் நாள் முடிந்ததும் கொதிக்க வைத்து ஆற்றிய பால்தான். கன்றுக்குத் தனி வாளி, தனி மண்வெட்டி. ஓடையைத் திருப்பி எருக்குழிக்கு விட்டோம், எருவை இப்போது தென்னைக்கு மட்டும் போடுகிறோம். புல் நிலத்துக்கு ஒரு கூடைகூடப் போவதில்லை.

இதனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தாய் வயிற்றிலேயே தொற்றிய கன்றை எந்த வாளியும் காப்பாற்றாது. ரத்தச் சோதனையில் தப்பிய மாடு அடுத்த வருஷம் மாட்டலாம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறோம். கறுப்பியின் கிடாரி இப்போது தனிக் கொட்டிலில் நன்றாகத் தின்று கொழுகொழுவென்று நிற்கிறாள். சினைக்குப் பிடிக்கும் வயசு வந்துவிட்டது, ஊசி போடாமல் வைத்திருக்கிறேன். வரும் தையில் இரண்டு வயசு முடிகிறது. அப்போதுதான் அவளுக்கு முதல் ரத்தம் எடுக்கணும்.