சிஎன்கேஐ தளத்தில் சீன ஆய்வுக்கட்டுரை தேடுவோருக்கு: வடிகட்டிகள், மேற்கோள் கோப்பு, முழு உரைக் குறிகள்

சீன மொழி ஆய்விதழ்களைத் தேட வேண்டிய ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் முதலில் செல்வது 知网 என்று சீனர்கள் சுருக்கமாக அழைக்கும் சிஎன்கேஐ தரவுத்தளத்திற்குத்தான். 1999இல் சிங்குவா பல்கலைக்கழகச் சார்பில் தொடங்கப்பட்ட இத்தளத்தின் பக்கத்தில் பொத்தான்களும் குறிகளும் நெருக்கமாக நிறைந்திருப்பதால், சீனம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களும் எதை அழுத்துவது என்று திகைப்பதுண்டு. எனது ஆய்வுப் பணியில் இத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்திவருகிறேன். முடிவையே மாற்றிவிடக்கூடிய சில இடங்களை மட்டும் இங்கே ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைக் கொள்வோம். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அக்கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் உள்ளன. செங் ஹே என்னும் மிங் காலக் கடற்படைத் தலைவரின் பயணத்தோடு தொடர்புடைய அது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீன அறிஞர்கள் அதைப் பற்றி எழுதியவற்றைத் தேடுபவர் முதலில் 布施锡兰山佛寺碑 என்ற முழுப்பெயரையே தட்டச்சு செய்வார். அவ்வாறு செய்தால், அதே கல்லை 郑和碑 என்றோ 锡兰碑 என்றோ சுருக்கமாகக் குறிப்பிடும் கட்டுரைகள் விடுபட்டுப் போகும். ஆகவே பெயரைத் தேடாமல், ஆளையும் இடத்தையும் சேர்த்துத் தேடுவதே நல்லது.

தேடல் பெட்டியின் இடப்பக்கத்தில் 主题 என்ற தெரிவு இயல்பாக அமைந்திருக்கும். அது தளம் தானாகக் கணித்து இணைத்த பொருட்சொற்களையும் சேர்த்துப் பார்ப்பதால், செங் ஹே பற்றிப் போகிற போக்கில் சொல்லும் சுற்றுலாக் கட்டுரைகளும் முடிவில் வந்து சேரும். 篇关摘 என்பதைத் தேர்ந்தால் தலைப்பு, குறிச்சொல், சுருக்கம் ஆகிய மூன்றில் மட்டும் தேடும். மேம்பட்ட தேடல் பக்கத்தில் உள்ள 专业检索 என்ற பகுதியில் இதையே ஒரு வரியாக எழுதலாம்:

```
TKA='郑和'*('锡兰'+'斯里兰卡')
```

இங்கே TKA என்பது அந்த மூன்று புலங்களையும் குறிக்கிறது. நட்சத்திரக்குறி, அதன் இரு பக்கச் சொற்களும் வேண்டும் என்பதற்கு; கூட்டல்குறி, ஏதேனும் ஒன்று போதும் என்பதற்கு. இலங்கையைப் பழைய கட்டுரைகள் ஒரு பெயராலும் புதியவை வேறொரு பெயராலும் குறிப்பிடுவதால் இரண்டையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும் ஆங்கில விசைப்பலகையின் அரை அகலக் குறிகளாக இருக்க வேண்டும். சீன உள்ளீட்டு முறையிலேயே அவற்றைத் தட்டினால் தேடல் பிழையாகும் அல்லது ஒன்றும் கிடைக்காது.

அடுத்து, மிகுந்த கவனம் தேவைப்படும் வடிகட்டி 来源类别, அதாவது இதழின் தரவகை. 北大核心, CSSCI, CSCD போன்ற இதழ்ப் பட்டியல்களின் பெயர்களுக்கு அருகே கட்டங்கள் இருக்கும். தரமான இதழ்களை மட்டும் பார்க்கலாம் என்று எண்ணிப் பல மாணவர்கள் தொடக்கத்திலேயே CSSCI கட்டத்தில் குறியிட்டுவிடுகிறார்கள். நான்ஜிங் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்தப் பட்டியல் 1990களின் பிற்பகுதியில்தான் பிறந்தது. 北大核心 என்னும் பீக்கிங் பல்கலைக்கழகப் பட்டியலின் முதற்பதிப்பும் 1992இல்தான் வந்தது. கல்வெட்டு, கடல்வழி வணிகம் போன்ற துறைகளில் அடிப்படையான கட்டுரைகள் பல அதற்கு முன்னரே எழுதப்பட்டவை. சில, பட்டியலில் என்றுமே இடம்பெறாத வட்டார இதழ்களில் வெளிவந்தவை. ஆகவே வரலாற்றுத் துறையில் இந்தக் கட்டத்தை முதலில் தொடாமல் விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. முழு முடிவையும் ஒருமுறை 发表时间, அதாவது வெளியான காலம் என்ற வரிசையில் வைத்துப் பார்த்த பின்பு, அண்மைக்காலக் கட்டுரைகளைப் பிரித்தெடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வடிகட்டி பழையவற்றை நீக்கிவிட்டதா என்பதை அறிய எளிய வழியுண்டு: கட்டத்தை எடுத்துவிட்டு, இடப்பக்கத்தில் 发表年度 என்ற ஆண்டுப் பட்டியலை விரித்துப் பாருங்கள், முன்பு காணாத ஆண்டுகள் அங்கே தோன்றும்.

முடிவுப் பட்டியலில் சில தலைப்புகளின் அருகே 网络首发 என்ற குறி இருக்கும். அச்சிதழுக்கு முன்பே இணையத்தில் வெளியான கட்டுரை என்பது அதன் பொருள். அதற்குத் தொகுதி எண், இதழ் எண் எவையும் இன்னும் அமைந்திருக்காது. தளம் தரும் மேற்கோளில் [J] என்பதற்குப் பதிலாக [J/OL] என்று வரும். பக்க எண் இடத்தில் 1 முதல் தொடங்கும் எண்கள் இருந்தால் அவை கோப்பின் பக்கங்கள் மட்டுமே. இதழின் பக்கங்களாகக் கருதக்கூடாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அத்தகைய பதிவுகளை மீண்டும் தேடி, அச்சிதழ் விவரம் வந்துவிட்டதா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

மேற்கோள் விவரங்களை எடுக்க, வேண்டிய கட்டுரைகளின் கட்டங்களில் குறியிட்டு, மேலே 导出与分析 என்பதிலிருந்து 导出文献 என்பதைத் திறக்க வேண்டும். அங்கே முதலில் இருப்பது GB/T 7714 என்ற சீனத் தேசியத் தர வடிவம். அது நேரடியாக ஒட்டிக்கொள்ளத்தக்க வரிகளைத் தருமே தவிர, மேற்கோள் மென்பொருளுக்கு உதவாது. மென்பொருளுக்கு EndNote என்ற வடிவத்தைத் தேர்ந்து கோப்பாகச் சேமிக்க வேண்டும். அந்த உரைக்கோப்பில் %A ஆசிரியர், %T தலைப்பு, %J இதழ், %D ஆண்டு, %N இதழ் எண், %P பக்கம் என்று வரிகள் வரும். எண்ட்நோட்டில் அதை உள்ளே எடுக்கும்போது EndNote Import என்ற வழியையும் UTF-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீன எழுத்துகள் சிதைந்து தெரியும். முதலில் இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு மற்றவற்றை எடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சோதனையில் பார்க்க வேண்டியவை இரண்டு: பல ஆசிரியர்களின் பெயர்கள் ஒரே பெயராக ஒட்டிக்கொண்டனவா என்பது ஒன்று, பக்க எண் விடுபட்டதா என்பது மற்றொன்று. ஆங்கிலத் தலைப்பு தேவைப்படுவோர் அதைத் தாங்களே மொழிபெயர்க்க வேண்டாம். பல சீன இதழ்கள் கட்டுரையின் தொடக்கத்திலோ இறுதியிலோ ஆங்கிலத் தலைப்பை அச்சிடுகின்றன. பிடிஎஃப் கோப்பில் உள்ள அதையே எடுத்தாள வேண்டும்.

முழு உரைக்கு CAJ下载, PDF下载, HTML阅读 என்ற பொத்தான்கள் கட்டுரைப் பக்கத்தில் இருக்கும். இவை கட்டுரை எந்த வடிவங்களில் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை அழுத்திய பின்பே அறிய முடியும். CAJ என்பது இத்தளத்தின் சொந்த வடிவம், அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்; ஆகையால் பிடிஎஃப் இருக்கும்போது அதையே எடுப்பது நல்லது. HTML阅读 வாசிக்க எளிதாக இருந்தாலும் அச்சுப் பக்க எண்களைக் காட்டாததால், பக்கம் குறித்து மேற்கோள் காட்ட அது பயன்படாது. ஆய்வேடுகளின் பக்கத்தில் 整本下载 என்றால் முழு ஆய்வேடு, 分章下载 என்றால் இயல் வாரியாக.

2023 ஏப்ரல் 1 முதல் சீனாவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், புள்ளியியல் ஆண்டேடுகள் முதலியவற்றின் அணுகல் நிறுத்தப்பட்டது. உங்கள் நூலகம் சந்தா செலுத்தியிருந்தும் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு திறக்கவில்லை என்றால், கடவுச்சொல்லில் பிழை தேடுவதற்கு முன் இக்காரணத்தை நினைவிற்கொள்ளுங்கள். அந்நிலையில் ஆய்வேட்டின் ஆசிரியர் பெயரை 作者 புலத்தில் இட்டு, அவர் அதே பொருளில் இதழ்க் கட்டுரை எழுதியிருக்கிறாரா என்று தேடலாம். ஒரே பெயருடையோர் பலர் இருப்பதால் 作者单位 என்ற புலத்தில் அவரது பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரையும் கட்டணம் கேட்டால், தலைப்பை அப்படியே எடுத்து 国家哲学社会科学文献中心 என்ற அரசுசார் சமூக அறிவியல் ஆவணத் தளத்தில் தேடுங்கள். அங்கே பதிவு செய்துகொண்டோர் பல சமூக அறிவியல் இதழ்களின் பிடிஎஃப் கோப்புகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம்.