சிவப்பு சொன்னது

பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவரின் இணையதளத்தைப் பாளையங்கோட்டையில் எங்கள் சின்ன ஆபீஸ்தான் கவனித்து வந்தது. ஒருநாள், பக்கத்தில் அதிகம் அழுத்திய இடத்தைச் சிவப்பிலும் குறைவாக அழுத்திய இடத்தை நீலத்திலும் காட்டும் ஹீட்மேப்பின் ஸ்க்ரீன்ஷாட்டை அவரிடம் காட்டினேன். முதல் படத்தில் இருந்தது, பெண் மாப்பிள்ளை பேர் நெய்த கல்யாணப் பாய். அதன்மேல் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு. கீழே ‘ஆர்டர் செய்ய’ பட்டனோ நீலத்தில் உறைந்து கிடந்தது.

“பாய் எல்லாருக்கும் பிடிச்சிருக்குல்லா தம்பி? அப்போ விலைதான் கூட போல. குறைச்சிருவோமா?” என்றார்.

நல்லவேளை, உடனே தலையாட்டவில்லை. அந்தப் படத்தை அழுத்தினால் எதுவுமே திறக்காது. தளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியில் இப்படிப் பலனில்லாத அழுத்தல்களுக்கு ‘Dead clicks’ என்று தனிக் கணக்கு உண்டு. போனில் வந்த 574 வருகைகளில், அந்தப் படத்தின்மேல் மட்டும் 143 அழுத்தல்கள், எல்லாமே அந்தக் கணக்கில்தான். அவையும் படம் முழுக்கப் பரவவில்லை, பேர் நெய்த ஓரத்தில் குவிந்திருந்தன. எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்கத்தான் அத்தனை விரல்களும் முயன்றிருக்கின்றன என்று எனக்குப் பட்டது. போனில் கூப்பிடுகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று அண்ணாச்சியே சொன்னார்.

நீலத்துக்கு வருவோம். அழுத்தல்களை மட்டும் காட்டும் இந்தக் கிளிக் மேப்பை வைத்து நீலத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. அந்த இடத்தைப் பார்த்தும் தொடாமல் போனார்களா, அங்கே வந்தே சேரவில்லையா என்பது, பக்கத்தில் எவ்வளவு தூரம் இறங்கினார்கள் என்று காட்டும் ஸ்க்ரோல் மேப்பில்தான் தெரியும். திறந்து பார்த்தேன். பட்டன் இருந்த ஆழம் வரை இறங்கியவர்கள் 21 சதவீதம், ஏறக்குறைய 120 பேர். அவர்களில் 17 பேர் அழுத்தியிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர். பட்டனைக் கண்டவர்கள் அதை ஒதுக்கவில்லை, மற்றவர்கள் கண்ணில் அது படவேயில்லை.

கம்ப்யூட்டருக்கான ஹீட்மேப்பை நான் பொருட்படுத்தவில்லை. அங்கே 38 வருகைகள்தான், அதில் பாதிக்கு மேல் சோதித்துப் பார்த்த நாங்களே. இருந்தும் ‘தொடர்புக்கு’ மெனு சிவந்திருந்தது. அந்தந்தப் பக்கத்தில் அதிகம் அழுத்தப்பட்ட இடம் எதுவோ அது சிவக்கும், பதினோரு கிளிக்காக இருந்தாலும் சரி. நிறத்தைப் பார்த்ததும் எண்ணையும் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

விலையைத் தொடவில்லை. படத்தை அழுத்தினால் பெரிதாகும்படி செய்து, நெசவை அருகில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்தோம். விலையையும் பட்டனையும் முதல் படத்தின் கீழேயே ஏற்றினோம்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த ஹீட்மேப்பில் பட்டன் மஞ்சளாகியிருந்தது. ஆனால் புதிதாக ஒரு சிவப்பு: ‘எத்தனை நாளில் கிடைக்கும்’ என்ற வரியின்மேல். அதுவும் வெறும் எழுத்துதான், லிங்க் இல்லை. அண்ணாச்சி அதை உற்றுப் பார்த்துவிட்டு, “பேர் நெய்ய நாள் ஆகும்லா, அதை யாரும் சொல்லலையே” என்றார்.