அக்கா அப்படியே அனுப்பக்கூடிய மெயில்

கோவையில் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாகத் தரப் பொறியாளராக இருந்தேன். மருத்துவக் கருவிகள் பக்கம் போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஒரு கல்யாண வரவேற்பில் என் பழைய மேலாளரைப் பார்த்தேன். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும், "என்கூடப் படிச்சவர் சென்னையில இன்ஃப்யூஷன் பம்ப் செய்யற கம்பெனியில தரப் பிரிவைப் பார்த்துக்கறார். உன்னைப் பத்திச் சொல்றேன், எனக்கு ஒரு மெயில் போடு" என்றார். ரத்தக்குழாய் வழியாக மருந்தை அளவோடு செலுத்துகிற கருவி அது. நான் தேடியதும் அதுதான்.

அன்று இரவே எழுதி அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். இப்போது இருக்கும் இடத்தில் என்ன மனக்கசப்பு, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறேன், நோட்டீஸ் காலம் 90 நாள், எல்லாம் அதில் இருந்தது. ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் அக்காவே கூப்பிட்டார். "இதை நான் எப்படிம்மா அனுப்புவேன்? பாதி எனக்கு மட்டும் சொன்ன விஷயம். அதை வெட்டி, மீதியை நானே திருத்தி எழுதணும். அதுக்கு உட்கார நேரமே கிடைக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உதவி செய்ய அவர் முழு மனதோடு இருந்தார். நான் அவருக்குக் கொடுத்தது ஒரு எழுத்து வேலை. அவர் 'ஃபார்வர்ட்' அழுத்தி, மேலே ஒரு வரி எழுதினால் போதும் என்ற நிலையில் மெயில் இருந்திருக்க வேண்டும். மெயில் அக்காவின் பெயருக்குப் போனாலும் அதைப் படிக்கப்போவது அவருடைய நண்பர். அவர் கண்ணில் படக்கூடாத ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

மறுபடி எழுதியபோது முதலில் செய்தது, பழைய மெயிலுக்குப் பதிலாக எழுதாமல் புதிய மெயில் திறந்ததுதான். பழைய தொடரில் எழுதினால் கீழே முந்தைய பேச்செல்லாம் மேற்கோளாக ஒட்டிக்கொண்டு வரும். அக்கா அதைக் கவனிக்காமல் ஃபார்வர்ட் செய்தால் என் சம்பளக் கணக்கும் கூடவே சென்னைக்குப் போயிருக்கும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"தலைப்பு: கோவை பம்ப் தரப் பொறியாளர், 20 நிமிடம் பேச விருப்பம்

அக்கா, வணக்கம். சென்னையில் இருக்கும் உங்கள் நண்பருக்கு என்னை அறிமுகம் செய்வதாகச் சொன்னதற்கு நன்றி. இன்ஃப்யூஷன் பம்ப்களின் தரப் பிரிவை அவர் நேரடியாகப் பார்ப்பதால் அவரிடம் பேச விரும்புகிறேன்.

நான் கோவையில் தண்ணீர் பம்ப் தொழிற்சாலையில் ஆறு வருடமாகத் தரப் பொறியாளர். மோட்டார் சுருள் சுற்றும் பிரிவில் 100-க்கு 4 ஆக இருந்த மறுவேலையை, காரணங்களைத் தேடிச் சரிசெய்து, 18 மாதத்தில் 1.5 ஆகக் குறைத்தேன். ஐஎஸ்ஓ 9001 உள் தணிக்கை செய்திருக்கிறேன். மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485-இல் அனுபவம் இல்லை.

இந்த அனுபவத்தில் எது அவர்கள் துறையில் பயன்படும், எதை முதலில் கற்க வேண்டும் என்று கேட்க, 20 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? இப்போது அவருக்கு வசதிப்படாது என்றால் பரவாயில்லை."

அவ்வளவுதான். கைபேசியில் ஒரே பார்வையில் படித்து முடிக்கலாம். நான் அதிக நேரம் செலவிட்டது நடுப் பத்தியில். "தரத்தில் ஆர்வம் உள்ளவர், கடின உழைப்பாளி" என்று முதலில் எழுதியிருந்தேன். அதைப் படித்து ஒருவர் என்ன முடிவுக்கு வர முடியும்? மறுவேலை 4-லிருந்து 1.5 ஆனது என்றால், தரப் பிரிவில் இருப்பவருக்கு நான் செய்த வேலை எப்படிப்பட்டது என்று உடனே பிடிபடும். ஐஎஸ்ஓ 13485 தெரியாது என்பதை எழுத முதலில் தயங்கினேன். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். தெரியாததை மறைத்துவிட்டால், போனில் அது வெளிவரும்போது அக்காவின் வார்த்தைக்கும் மதிப்புக் குறையும்.

கடைசி வரியையும் யோசித்துத்தான் வைத்தேன். மறுக்க இடம் கொடுக்காத கோரிக்கையை நண்பரிடம் கொண்டுபோக யாருக்கும் கூச்சமாக இருக்கும். ரெஸ்யூமே இணைக்கவில்லை. இணைத்திருந்தால் ஃபார்வர்டில் அதுவும் சேர்ந்து போய், பேச நேரம் கேட்கும் மெயில் வேலை கேட்கும் மெயிலாக மாறியிருக்கும்.

இதோடு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தனியாக மூன்று வரி அனுப்பினேன். மெயிலின் நடுப் பத்திதான், ஆனால் 'நான்' என்பதற்குப் பதில் 'இவர்' என்று மாற்றி எழுதியது. நம் ஊரில் பலரும் மெயிலுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அக்காவும் அதைத்தான் செய்தார். அந்த மூன்று வரியை ஒட்டி, "நாலு வருஷம் என்கிட்ட வேலை செஞ்ச பொண்ணு, பேசறியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் சரி என்ற பிறகுதான் மெயிலை ஃபார்வர்ட் செய்து, என்னை Cc-யில் சேர்த்தார். கேட்காமல் திடீரென்று இருவரையும் ஒரே மெயிலில் கோர்த்துவிட்டிருந்தால், அவருக்குத் தட்ட முடியாத சங்கடம், எனக்கும் விருப்பமில்லாதவரிடம் பேசும் சங்கடம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மெயில் வந்தது. அறிமுகம் ஆனபின் முதலில் எழுத வேண்டியவர் கேட்டவர்தான், அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் போட்டேன். என்னைப் பற்றி மறுபடி எதுவும் எழுதவில்லை, அது கீழேயே இருக்கிறதே. "நன்றி அக்கா, உங்களை Bcc-க்கு மாற்றிவிட்டேன்" என்பது முதல் வரி. Bcc-யில் இருப்பவருக்கு அந்த ஒரு மெயில் கிடைக்கும், நான் பதில் எழுதிவிட்டேன் என்று தெரிந்துகொள்வார். அதற்கு அவருடைய நண்பர் 'எல்லோருக்கும் பதில்' அழுத்தினாலும் அக்காவுக்குப் போகாது. நாள் குறிக்கும் பேச்சு அவர் பெட்டியை நிரப்பாது. அடுத்த வரியில், வியாழன் மாலை ஐந்து மணிக்குமேல் அல்லது சனி காலை பத்து முதல் பன்னிரண்டு, எது வசதி என்று கேட்டு என் எண்ணைக் கொடுத்தேன். "உங்களுக்கு எப்போது முடியும்" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று மெயில் இழுத்திருக்கும்.

சனிக்கிழமை பேசினோம். அவர் இடத்தில் அப்போது வேலை எதுவும் காலி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு என் சுருள் பிரிவு வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டார். குறைக்குக் காரணம் தேடும் பழக்கம் அப்படியே உதவும் என்றும், ஆனால் எங்கள் ஆலையில் செய்ததைவிடப் பல மடங்கு ஆவணப்படுத்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். முதலில் ஐஎஸ்ஓ 13485 உள் தணிக்கையாளர் பயிற்சி முடித்துவிட்டு, இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971-ஐப் படிக்கச் சொன்னார். இருபது நிமிடம் ஆனதும் நானே நினைவுபடுத்தினேன். இன்னும் ஐந்து நிமிடம் அவர் விருப்பத்தில் பேசினார்.

போனை வைத்ததும் அவருக்கு இரண்டு வரி நன்றி எழுதினேன். அக்காவுக்கும் தனியாக எழுதினேன்: என்ன பேசினோம், அவர் என்ன படிக்கச் சொன்னார், எந்த மாதம் பயிற்சியில் சேரப்போகிறேன் என்று. அக்காவிடமிருந்து அன்று மாலையே பதில் வந்தது. "பயிற்சி முடிஞ்சதும் சொல்லு. பெங்களூர்ல இன்னொருத்தர் இருக்கார். இதே மாதிரி ஒரு மெயில் போடு."