அடியில் தங்குவது

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்புநராகப் பல ஆண்டுகள் இருந்தேன். மலப் பரிசோதனை எங்கள் வேலையில் யாரும் விரும்பாத பகுதி. எத்தனை டப்பாக்கள் கொடுத்தாலும், பிள்ளைகள் தீப்பெட்டியில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் அதைத் திறக்க எனக்கு ஓராண்டு ஆனது.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தக்காளியும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் விளைகிற ஊர் என்றால் போதும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் வந்தபின், பிப்ரவரியில் பிள்ளைகளுக்கெல்லாம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வந்தோம். ஒரு முறை மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளின் மலத்தைப் பார்த்தேன். நாக்குப்பூச்சி முட்டை கிட்டத்தட்ட இல்லை. ஜூன் மாதம் அதே பிள்ளைகளிடம் மறுபடியும் பார்த்தேன். வந்துவிட்டது.

மாத்திரை சரியில்லை என்று பேச்சு எழுந்தது. மூன்றாம் வாரம் பார்த்திராவிட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விழுங்கிய முட்டை குடலில் பொரித்து, நுரையீரல் வழியாகச் சுற்றி வந்து, வளர்ந்த புழுவாகித் தானும் முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். பிப்ரவரிக்குப் பிறகு ஜூனில் முட்டை தெரிகிறது என்றால், பிள்ளைகள் மார்ச்சிலேயே புதிதாக விழுங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது. கேள்வி, முட்டை எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

ஊரில் கழிப்பறை இல்லாமல் இல்லை. தூய்மை இந்தியா இயக்கத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கிக் கட்டியவை பல. இரட்டைக் குழி வடிவம். குழி ஒன்று ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழம். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது நிறைய ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். முதல் குழி நிறைந்ததும் இரண்டாவதற்கு மாற்றிவிட வேண்டும். முதல் குழி மூடிக் கிடக்கும் காலத்தில்தான் முட்டைகள் சாகும். எங்கள் பக்க வெயிலுக்கு ஓராண்டாவது, இரண்டாண்டு என்றால் நல்லது. இந்த வடிவத்தின் உயிரே அந்தக் காத்திருப்புதான்.

நானும் சுகாதார ஆய்வாளரும் ஒரு சனிக்கிழமை வீடு வீடாகப் பிரிப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு குழிகளுக்கும் குழாய் பிரிகிற அந்தச் சின்னத் தொட்டியில் ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்திருக்க வேண்டும். பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டு வாயும் திறந்தே இருந்தன. மேஸ்திரியைக் கேட்டால், "இரண்டும் திறந்திருந்தால் சீக்கிரம் நிறையாது சார், நல்லதுதானே" என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் இரண்டு குழியும் ஒரே நாளில் நிறையும். மேலே நேற்றைய மலம், கீழே பல ஆண்டு பழையது. எந்தக் குழிக்கும் ஓய்வு கிடையாது. தோண்டுகிறவர் கையில் வருவது எருவல்ல.

பாறை அதிகமுள்ள தெருவில் குழியே தோண்டவில்லை. அங்கே செப்டிக் டேங்க். அதன் கதை வேறு. நாக்குப்பூச்சி முட்டை தண்ணீரைவிடக் கனமானது. அசையாத தண்ணீரில் மெல்லக் கீழே இறங்கிவிடும். ஆகையால் டேங்கில் அது அடிச் சேற்றில் போய்த் தங்கிவிடுகிறது. டேங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டால் சேறு வெளிக்குழாய் மட்டத்துக்கு ஏறி, முட்டையோடு சாக்கடையில் கலக்கும். சுத்தம் செய்தாலோ, அந்தச் சேற்றை லாரி எங்கே கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டுமே நடந்தன. சாக்கடை வாய்க்கால் ஊருக்குக் கீழே ஒரு குட்டையில் விழுகிறது. குட்டை ஓரத்தில் ஒரு பெரியவர் மோட்டார் வைத்துக் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் பாய்ச்சினார். கோடையில் கிணறு வற்றிவிடும், இது வற்றாது. உரச் செலவும் இல்லை. லாரிக்காரர்கள் இரவில் கொட்டிப் போவதை அவர் வேண்டாமென்று சொன்னதில்லை. குட்டை அடியில் படிந்த கறுப்புச் சேற்றையும் வாரிப் பாத்தியில் போடுவார். பயிர் செழித்தது, உண்மைதான்.

நான் பார்த்தது மோட்டாரின் உறிஞ்சு குழாயை. அதன் வாய் தரையைத் தொட்டபடி சேற்றுக்குள் கிடந்தது. முட்டைகள் இருக்கிற இடத்திலிருந்தே இழுத்து, இலைமேல் தெளிக்கிறோம்! அவர் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்து வந்து இரவெல்லாம் வைத்தேன். மேல்நீரை வடித்து, அடிவண்டலைச் சுழற்றி, செறிந்த உப்புநீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். பலாக்காயைச் சிறிதாக்கியது போன்ற பழுப்பு நிற முட்டைகள், பத்துக்கும் மேல். பச்சையாகத் தின்னும் பயிருக்கான பாசன நீரில் லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த முட்டையின் புறத்தோல் ஒட்டும் தன்மை கொண்டது. கொத்தமல்லியின் கிழிந்த இலைகளுக்குள் அது ஒளிந்துகொண்டால் ஒரு முறை அலசினால் போகாது. முள்ளங்கியைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துக் கடிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இந்தத் தண்ணீரைக் கைவிடச் சொல்கிறீர்களா, தம்பி?" என்று கேட்டார் பெரியவர். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே என்னை அனுப்பியிருப்பார். குட்டைக்குக் குறுக்கே மண்கரை போட்டு இரண்டாக்குங்கள் என்றேன். ஒரு பக்கம் சாக்கடை விழுந்து நிறையட்டும். இன்னொரு பக்கத்தை வாயை மூடி அசையாமல் விட்டுவிட்டு, சில நாள் கழித்து அதிலிருந்து இறையுங்கள். பிறகு மாற்றுங்கள். உறிஞ்சு குழாய் வாயை ஒரு பிளாஸ்டிக் கேனில் கட்டி, மேல்மட்டத்திலிருந்து ஓர் அடி கீழே மிதக்கவிடுங்கள். சேறு பாத்திக்குப் போகக் கூடாது. லாரி வேண்டவே வேண்டாம்.

லாரியை நிறுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது, அது வேறு நீண்ட கதை. கரையும் கேனும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. அடுத்த மாதம் எடுத்த இரண்டு மாதிரிகளில் முட்டை கண்ணில் படவில்லை. ஆனால் நுண்ணோக்கியில் காணவில்லை என்பதற்கு ஒன்றுமே இல்லை என்று பொருள் அல்ல. நுண்கிருமிகளும் நச்சுயிரிகளும் இப்படி அடியில் தங்குவதில்லை. ஆகையால் கொத்தமல்லியைப் பல முறை அலசவும், கீரையை வேகவைக்கவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு குறையும் இருந்தது. பாத்தியில் வெறுங்காலோடு நிற்கும் பெண்களிடம் கொக்கிப்புழு குறையவில்லை. அதன் முட்டை ஈரமண்ணில் ஓரிரு நாளில் பொரித்துவிடும். சுமார் ஒரு வாரத்தில் இளம்புழு தோலைத் துளைக்கும் பருவம் அடையும். அது காத்திருப்பது மண்ணில், தண்ணீரின் அடியில் அல்ல. அங்கே குட்டையும் கேனும் உதவாது. சேற்றில் செருப்பு நிற்பதில்லை, ரப்பர் பூட்ஸ் வெயிலில் வேகும் என்றார்கள். காலை வேலையின்போது மட்டும் போட்டுக்கொள்ள இருவர் ஒப்புக்கொண்டார்கள்.

பிரிப்புத் தொட்டிகளுக்கு ஒரு வழி கிடைத்தது. அடைத்த நாளை மூடியின் உட்புறம் கரியால் எழுதிவைக்கச் சொன்னோம். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனபோது பெரியவர் வீட்டு மூடியையும் தூக்கிப் பார்த்தேன். தேதி இருந்தது. செங்கல் இல்லை. "மருமகள் அடுப்புக்கு எடுத்துவிட்டாள்" என்றார். வேறொன்று கொண்டுவந்து வைத்து, களிமண்ணைப் பூசும்வரை நின்றிருந்தேன்.