நெஞ்சு உலரும்வரை அட்ரோபின்

களக்காட்டுப் பக்கம் வாழைக்கு ஊற்றுவதற்காகக் குளிர்பான பாட்டிலில் வைத்திருந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை 3 வயதுப் பையன் குடித்துவிட்டான். நான் மருத்துவராகப் பணியாற்றும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆச்சி அவனைத் தூக்கி வந்தபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணிகள் குண்டூசி முனை அளவு. நெஞ்சின் இரு பக்கமும் கொரகொரவென்று சத்தம். இந்த விஷத்தில் குழந்தையை முதலில் கொல்வது நுரையீரலில் ஊறும் நீர்தான்.

சளியை உறிஞ்சி ஆக்சிஜன் வைத்தோம். செவிலியர்கள் கையுறையோடு சட்டையைக் கழற்றிச் சோப்பால் உடம்பைக் கழுவினார்கள். அதற்குள், ஊறும் நீரை உலர்த்தும் மாற்று மருந்தான அட்ரோபின் தொடங்கிவிட்டது. எடை 12 கிலோ. கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்றால் 0.6, எங்களிடம் இருக்கும் ஆம்பூல் ஒன்றின் அளவு அதுவே. நரம்பில் போட்டு 5 நிமிடம் பார்த்தோம். நுரை நிற்கவில்லை. அளவை இரட்டித்து 2 ஆம்பூல். வியர்வை குறைந்தது, கண்மணி சற்று விரிந்தது, நாடி 160-ஐத் தொட்டது.

"நாடி இவ்வளவு ஓடுகிறதே, இன்னும் போடலாமா டாக்டர்?" என்று செவிலியர் கேட்டார். நியாயமான பயம். ஆனால் மூச்சுத் திணறலாலும் நாடி ஓடும். கண்மணி விரிந்ததையும் நம்பி நிறுத்த முடியாது. நெஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. அடுத்து 4 ஆம்பூல் போட்டோம். சில நிமிடங்களில் மூச்சு இரு பக்கமும் தெளிவாகக் கேட்டது, இழுப்பும் இல்லை. வலது அடிப்பகுதியில் மட்டும் சிறு நொறுநொறுப்பு மிஞ்சியது. வாந்தி புரையேறிய இடமாக அது இருக்கக்கூடும். அட்ரோபினை ஏற்றி அதைப் போக்க முடியாது. அங்கே இரட்டிப்பதை நிறுத்தினோம்.

போட்டது மொத்தம் 4.2 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 0.4 மில்லிகிராம், மணிக்கு மணி சொட்டாக இறங்கியது. கூடவே இந்த விஷத்துக்கான இன்னொரு மாற்று மருந்தான பிராலிடாக்சிமும் கொடுத்தோம்.

இரவில் ஆச்சிதான் முதலில் கவனித்தார்: "பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, யாரையோ பார்த்துப் பேசுகிறான்." தோல் சிவந்து வறண்டிருந்தது. வெறுங்காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டினான். வயிற்றில் குடல் சத்தம் இல்லை, சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது. மருந்து மிஞ்சியதன் அடையாளங்கள் இவை. சொட்டை நிறுத்தி, உடம்பைத் துடைத்து, சிறுநீரை வெளியேற்றினோம். அவன் தெளிந்து குடல் சத்தம் திரும்பிய பிறகு முன்பிருந்த வேகத்தில் முக்கால் பங்காகத் தொடங்கினோம். அதன்பின் ஒவ்வொரு குறைப்புக்கும் முன்னால் நெஞ்சு, வயிறு, தோல் மூன்றையும் பார்த்துக் குறித்தோம். குறைத்த பின் நெஞ்சு மீண்டும் ஈரமானால் உடனே ஏற்ற வேண்டியிருக்கும்.

நெஞ்சு உலர்ந்த பிறகும் முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். அட்ரோபின் அதைத் தடுக்காது. அதனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தூக்கினான். சொட்டு முழுவதும் நின்று ஒரு நாள் கடந்தும் நெஞ்சு தெளிவாகவே இருந்தது; அதன் பிறகே வார்டுக்கு மாற்றினோம்.