கறி தோசை வீடியோவுக்குக் குரல் கொடுத்த கதை

அம்மா கறி தோசை சுடுவதை வீடியோ எடுத்து, அதற்கு நான் குரல் கொடுத்தேன். மதுரையில் இருந்துகொண்டு முதலில் இதைத்தானே எடுக்க வேண்டும். எடுத்து முடித்ததும் உசிலம்பட்டியில் இருக்கும் சித்திக்கு அனுப்பினேன். அடுப்புப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அப்படியே செய்து பார்த்தவர், அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "ஏத்தா, திருப்பினதும் கறியெல்லாம் கல்லுல உதிர்ந்து போச்சே, நீ சொன்ன மாதிரிதான செஞ்சேன்?"

வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். தப்பு என் குரலில்தான் இருந்தது.

கறி தோசையில் கறியைப் பிடித்து நிறுத்துவது முட்டைதான். மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே கண் கண்ணாக ஓட்டை விழுந்ததும் அடித்த முட்டையை விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே சுக்காவைப் பரப்பிவிட வேண்டும். முட்டை இறுகிவிட்டால் கறி ஒட்டாது, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அம்மாவின் கை அதைச் சரியாகத்தான் செய்தது. 1:12இல் முட்டை, 1:20இல் கறி, 1:58இல் திருப்பல். நானோ "முட்டையை ஊற்றி, அது வேகுமுன் கறியைப் பரப்பி, ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள்" என்று ஏழே நொடியில் சொல்லி முடித்துவிட்டு, சுக்காவை எப்படிச் சுருளச் சுருள வதக்கினோம் என்று பேசிக்கொண்டே போயிருக்கிறேன். சித்தியின் கண் தோசைக் கல்லில், காது மட்டும் போனில். சுக்கா பேச்சு முடியட்டும், அப்புறம் போடச் சொல்வாள் என்று காத்திருந்திருக்கிறார். அதற்குள் முட்டை வெந்துவிட்டது.

வீடியோவைப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். ஊற்றி, பரப்பி, விட்டு என்று தமிழில் நாலு வேலையை ஒரே வாக்கியத்தில் கோத்துவிடலாம், படிக்க நன்றாகவும் இருக்கும், ஆனால் கைக்கு அந்த நாலு வேலையும் முக்கால் நிமிஷம்.

மறுபடி உட்கார்ந்தேன். சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு தாளில் இடப்பக்கம் நேரம், நடுவில் கை செய்யும் வேலை, வலப்பக்கம் நான் சொல்லப்போவது என்று எழுதினேன். ஒரு வேலைக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். நிதானமாகப் பேசினால் எனக்கு நொடிக்கு இரண்டு வார்த்தை வருகிறது, அதனால் எட்டு நொடி வேலைக்குப் பதினாறு வார்த்தைக்கு மேல் எழுதவில்லை.

இதில் இன்னொன்றும் பிடிபட்டது. நம் பேச்சில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். முட்டை விழும்போது "அடித்து வைத்த முட்டையை" என்று ஆரம்பித்தால், "ஊற்றுங்கள்" வருவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். ஆகவே கிண்ணம் படத்துக்குள் வரும்போதே வாக்கியத்தைத் தொடங்கி, "ஊற்றுங்கள்" என்ற சொல் முட்டை கல்லைத் தொடும் இடத்தில் விழும்படி பேசினேன். குரல் அரை நொடி முந்தினால் யாருக்கும் தெரியாது. கைக்குப் பிந்தினால் உடனே உறுத்தும். ஊற்றியதும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டேன், அந்த 'சுர்' சத்தம் கேட்கட்டும் என்று. கல் சரியான சூட்டில் இருக்கிறது என்பதை அது என்னைவிட நன்றாகச் சொல்லும்.

அப்புறம் காரணங்கள். முட்டை ஈரமாக இருக்கும்போதே ஏன் கறி போட வேண்டும் என்பதை முட்டை ஊற்றும்போது விளக்க நேரமே இல்லை. மாவில் ஓட்டை விழக் காத்திருக்கும் இருபது நொடியில் கை சும்மா இருக்கிறது, அந்த இடத்தில் அதைச் சொல்லி முடித்துவிட்டேன். கை வேலை செய்யும்போது செய்ய வேண்டியதை மட்டும் சொன்னேன். சுக்கா கதையை முழுசாகத் தூக்கி ஆரம்பத்துக்குக் கொண்டுபோனேன். "இந்த அளவு" என்று சொன்ன இடங்களையெல்லாம் மாற்றி, "ஒரு குழிக்கரண்டி", "ரெண்டு கைப்பிடி" என்று பேசினேன், ஏனென்றால் சித்தி படத்தைப் பார்ப்பதில்லை.

கறியைப் பரப்புவது மட்டும் இடித்தது. அம்மா நாலு நொடியில் பரப்பிவிட்டார், எனக்கு ஆறு நொடி வேண்டும். வேகமாகப் பேசிப் பார்த்தேன், பதற்றமாகக் கேட்டது. படத்தை மெதுவாக ஓட்டினால் ஆவி எழுவது விநோதமாகத் தெரிந்தது. நல்லவேளை அன்றைக்கு மூன்று தோசை எடுத்திருந்தோம், இரண்டாவது தோசையில் கறி பரப்பும் கையைக் கிட்டத்தில் எடுத்த இரண்டு நொடியை அங்கே ஒட்டினேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே துண்டு துண்டாகப் பதிவு செய்தேன். தப்பினால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பேசினால் போதும்.

மறுநாள் சித்தி செய்தபோது கறி உதிரவில்லை. ஆனால் தோசை நடுவில் சரியாக முறுகவில்லை என்றார். பார்த்தால், அம்மா ஓரத்தில் விட்ட பிறகு நடுவிலும் சில சொட்டு எண்ணெய் விடுகிறார், நான் "ஓரத்தில்" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். சாயங்காலமே அந்த வரியைத் திரும்பப் பேசி, 1:34இல் ஒட்டினேன்.